சார்ஜ் ஏறுகிறது, கோப்பு தெரியவில்லை

கேபிளைச் செருகியதும் போனின் திரையில் மின்னல் குறி தோன்றுகிறது, சார்ஜ் ஏறத் தொடங்குகிறது. கணினியிலோ போன் வந்த சுவடே இல்லை. ‘கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது, சார்ஜ் ஏறுகிறதே!’ என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வோம். அந்த ‘ஏறுகிறதே’ நம்மைத் தவறான இடத்தில் தேட வைத்துவிடும். சார்ஜ் ஏறுவதும் கோப்பு தெரிவதும் ஒரே உறைக்குள் ஓடும் வெவ்வேறு கம்பிகளின் வேலை. ஒன்று நடந்தால் மற்றதும் நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

சாதாரண யூஎஸ்பி கேபிள் ஒன்றை நறுக்கிப் பார்த்தால் உள்ளே மெல்லிய கம்பிகள் நான்கு இருக்கும். வழக்கமான நிற ஒழுங்கின்படி சிவப்பு 5 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுவரும். கறுப்பு அதன் திரும்பு வழி. மிச்சமுள்ள வெள்ளையும் பச்சையும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடும். தகவல் போவது இந்த ஜோடியில்தான். இப்போது காதொலிக் கருவி, சிறிய விளக்கு, பவர் பேங்க் போன்றவற்றோடு வரும் ஒரு குட்டைக் கேபிளை நறுக்குங்கள். பலவற்றில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே இருக்கும். அந்தக் கருவிகளுக்குச் சார்ஜ் மட்டும் போதும் என்பதால் உற்பத்தியாளர் இரண்டு கம்பிகளை மிச்சம் பிடித்துவிடுகிறார். முனைகளில் உள்ள செருகிகள் அச்சு அசல் ஒன்றுபோலவே இருப்பதால் வெளியிலிருந்து எந்த வித்தியாசமும் தெரியாது. வீட்டில் நாலைந்து கேபிள்கள் ஒரே இழுப்பறையில் கிடந்தால், கைக்கு அகப்படுவது எந்த ரகம் என்பது அன்றைய அதிர்ஷ்டம்.

நறுக்காமலே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது, அதைச் சொல்லப்போவது போன். செருகப்பட்டிருப்பது வெறும் சார்ஜரா, பேசத் தெரிந்த கணினியா என்பதை ஒவ்வொரு முறையும் போன் சோதித்துப் பார்க்கிறது. சுவரில் மாட்டும் சார்ஜருக்குள் அந்த இரண்டு தகவல் கம்பிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். ‘நான் சார்ஜர், தாராளமாக மின்சாரம் எடுத்துக்கொள், பேச்சு வேண்டாம்’ என்பதற்கான அடையாளம் அது. தகவல் கம்பியே இல்லாத கேபிளில் கணினியோடு இணைத்தாலும் போனுக்கு எதிர்முனையிலிருந்து பதில் ஏதும் கிடைக்காது. அதுவும் ஏதோ ஒரு சார்ஜர் என்றே போன் முடிவுகட்டிவிடும். ஆகவே ஆண்ட்ராய்டு போனின் மேல் விளிம்பிலிருந்து அறிவிப்புப் பட்டியை இழுத்துப் பாருங்கள். யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகிறது என்று ‘USB’ என்ற எழுத்தோடு ஓர் அறிவிப்பு இருந்தால், தகவல் கம்பிகள் உயிரோடு இருக்கின்றன. பேட்டரி ஏறும் குறி மட்டும் இருந்து யூஎஸ்பி அறிவிப்பு இல்லையென்றால், எந்த அமைப்பையும் தொட வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், அல்லது கணினியில் வேறு துளையில் செருகுங்கள். போனின் துளைக்குள் சட்டைப்பையின் பஞ்சு அடைத்துக்கொண்டு செருகி முழுதாக உட்காராமல் இருப்பதும் உண்டு. கோப்பு தெரியவில்லை என்று அமைப்புகளுக்குள் அரைமணி நேரம் அலைபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது இன்னொரு கேபிள்தான் என்பது என் எண்ணம்.

கம்பி சரியாக இருந்தால் அடுத்து நடப்பது ஓர் உரையாடல். போன் ஒரு தகவல் கம்பியின் மின்னழுத்தத்தை ஒரு மின்தடை வழியாக மேலே இழுத்துக் காட்டுகிறது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று கணினிக்குத் தெரிவது அப்போதுதான். கணினி அந்த இணைப்பைத் துடைத்துப் புதிதாக்கி, வந்தவரை விசாரிக்கிறது: தயாரித்தவர் யார், மாதிரி எண் என்ன, எந்த வகைக் கருவி? இந்த விசாரணையின் தொடக்கத்திலேயே 1 முதல் 127 வரையிலான எண்களில் ஒன்றை முகவரியாகவும் கொடுத்துவிடுகிறது. யூஎஸ்பியில் கேள்வி கேட்பது எப்போதும் கணினி. கேட்காமல் கருவி வாய் திறக்காது. கருவியின் வகைகளுக்கும் எண்கள் உண்டு. விசைப்பலகையும் மவுஸும் 03, கேமரா 06, பென் டிரைவ் போன்ற சேமிப்புக் கருவி 08. பதிலைப் பார்த்துத்தான் எந்த டிரைவரை எழுப்புவது என்று கணினி தீர்மானிக்கிறது.

பென் டிரைவ் தன் ஆயுள் முழுக்க ஒரே பதிலைத்தான் சொல்லும். போன் அப்படியல்ல. அதுவே ஒரு முழுக் கணினி. தன்னைக் கேமரா என்றும் சொல்லிக்கொள்ளலாம், இணைய மோடம் என்றும் சொல்லிக்கொள்ளலாம், இசைக்கருவி என்றும் சொல்லிக்கொள்ளலாம், எதுவுமே இல்லை, சார்ஜ் மட்டும் போதும் என்றும் சொல்லலாம். யூஎஸ்பி பயன்முறை என்று போனில் நாம் பார்க்கும் அந்தப் பட்டியல், இந்தப் பதில்களில் எதைச் சொல்ல வேண்டும் என்று போனுக்கு நாம் இடும் கட்டளை. பதிலை மாற்ற வேண்டுமானால் உரையாடலை முதலிலிருந்து தொடங்கியாக வேண்டும். அதனால் பயன்முறையை மாற்றியதும் போன் தானே கேபிளைப் பிடுங்கிச் செருகியதுபோல ஒரு கணம் இணைப்பை விட்டு மறுபடி பிடிக்கிறது. விண்டோஸ் கணினி பக்கத்தில் இருந்தால் காதாலேயே கேட்கலாம்: கருவி போய்விட்டது என்ற இறங்கும் ஒலி, உடனே கருவி வந்துவிட்டது என்ற ஏறும் ஒலி. பயன்முறையை மாற்றும்போது இந்த இரண்டு ஒலிகளும் கேட்டால் கேபிளும் துளையும் சரி, பேச்சும் நடக்கிறது. கோளாறைத் தேடுபவருக்கு இதைவிட மலிவான கருவி கிடையாது.

பென் டிரைவைப்போலவே போனும் ‘நான் 08’ என்று சொல்லித் தொலைத்தால் இத்தனை சிக்கல் எதற்கு? ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னது. ஆண்ட்ராய்டின் 2ஆம் தலைமுறைப் போன்களில் கேபிளைச் செருகியதும், யூஎஸ்பி சேமிப்பகத்தை இயக்கவா என்று ஒரு பெரிய பொத்தான் வரும். அழுத்தினால் மெமரி கார்டு அப்படியே கணினியில் ஒரு டிரைவாகத் தோன்றும். ஆனால் அதே நொடியில் போனிலிருந்து அந்தக் கார்டு காணாமல் போய்விடும். கார்டில் வைத்த அழைப்பொலி ஒலிக்காது, கார்டுக்கு மாற்றிய செயலிகள் திறக்காது, கேமரா படமெடுக்க மறுக்கும். அன்று அந்தப் போன்களைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை நினைவிருக்கும்.

அந்த விலகல் கட்டாயமானது. சேமிப்புக் கருவி என்ற வகையில் கணினி கோப்பைக் கேட்பதில்லை. இத்தனையாவது கட்டத்தைப் படி, இத்தனையாவது கட்டத்தில் இதை எழுது என்றுதான் கட்டளையிடும். எந்தக் கட்டம் எந்தக் கோப்புக்குச் சொந்தம், எது காலி என்ற பதிவேடும் அதே கார்டின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் நகலைக் கணினி தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறது. போனும் அதே நேரத்தில் தன் நகலை வைத்துக்கொண்டு வேலை செய்தால் என்ன ஆகும்? 5,000ஆவது கட்டம் காலி என்று இரண்டுமே நம்பும். கணினி அங்கே ஒரு பாட்டை எழுதும், அடுத்த நொடியே போன் அதே இடத்தில் ஒரு புகைப்படத்தை எழுதும். கடைசியில் யாருடைய பதிவேடு மிஞ்சினாலும் இன்னொருவருடைய கோப்பு நாசம். ஒரே வட்டுக்கு ஒரே நேரத்தில் ஒரு முதலாளிதான் இருக்க முடியும் என்பது அந்த வடிவத்திலேயே பதிந்துவிட்ட விதி.

2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3 பலகைக் கணினிகளிலும், அந்த ஆண்டின் இறுதியில் ஆண்ட்ராய்டு 4உடன் வந்த கேலக்ஸி நெக்ஸஸ் போனிலும் இந்த வழி கைவிடப்பட்டது. செயலிகளுக்கு ஒரு பகுதி, படங்களுக்கு ஒரு பகுதி என்று சேமிப்பைப் பிரித்து வைத்திருந்ததை மாற்றி எல்லாவற்றையும் ஒரே பகுதியாக்கினார்கள். செயலிகள் ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதியைக் கழற்றிக் கணினியிடம் கொடுத்தால் போன் அங்கேயே நின்றுவிடும். கொடுத்தாலும், லினக்ஸின் முறையில் எழுதப்பட்ட அதை விண்டோஸால் படிக்க முடியாது. ஆகவே டிஜிட்டல் கேமராக்களுக்காக உருவான பிடிபி என்ற முறையை, பாட்டுக் கேட்கும் கருவிகளுக்காக மைக்ரோசாஃப்ட் விரித்தெழுதிய எம்டிபி என்ற முறைக்குப் போனார்கள். 2008இலேயே அது யூஎஸ்பி அமைப்பின் தரநிலைகளில் ஒன்றாகியிருந்தது.

எம்டிபி நடத்துவது, வாசகர்களை அலமாரிப் பக்கம் விடாத பழைய நூலகம். சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவருவார். எந்த அலமாரியில் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது அவர் கவலை. கணினி இப்போது கட்டங்களைத் தொடுவதில்லை. உன்னிடம் என்னென்ன இருக்கின்றன, 417ஆம் எண்ணுள்ள பொருளின் பெயரும் அளவும் தேதியும் என்ன, அதை அனுப்பு என்று கேட்கிறது, அவ்வளவுதான். வட்டின் முதலாளி கடைசிவரை போன்தான். அதனால் கேபிள் செருகியிருக்கும்போதே நீங்கள் படமெடுக்கலாம், பாட்டுக் கேட்கலாம், எதுவும் கெடாது.

எம்டிபியின் பல வினோதங்களுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. போன் கணினியில் ‘E:’ போன்ற எழுத்தோடு வராது. வெறும் பெயரோடு மட்டும் தோன்றும். E டிரைவைத் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. ஒரு கோப்புறையில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தால் மேலே பச்சைப்பட்டை ஊர்ந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அத்தனை படங்களின் விவரத்தையும் கேட்டு வாங்கியாக வேண்டும். இரண்டு நிமிடம் பொறுத்தால் வந்துவிடும். கோளாறு என்று நினைத்துப் பிடுங்கினால் முதலிலிருந்து தொடங்கும். போனில் இருக்கும் ஆவணத்தை நேரே திறந்து திருத்திச் சேமிக்கவும் விண்டோஸில் பொதுவாக முடியாது. கணினிக்கு நகலெடுத்துத் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். பழைய ஆண்ட்ராய்டுகளில் இன்னொன்றும் உண்டு. கணினிக்குக் காட்டும் பட்டியலை, பாட்டுகளையும் படங்களையும் பதிந்துவைக்கும் ஊடகத் தரவுத்தளத்திலிருந்து போன் எடுத்துக் கொடுத்தது. சற்றுமுன் உருவான கோப்பு இன்னும் அதில் ஏறியிருக்காது. போனில் கண்ணெதிரே இருக்கும், கணினியில் இருக்காது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் பதிவேடு புதுப்பிக்கப்பட்டு அதுவும் வந்துவிடும்.

இவ்வளவும் ஒழுங்காக இருந்தும் கோப்புறை வெறுமையாக இருப்பதுதான் இன்று அதிகம் பேர் எதிர்கொள்ளும் நிலை. ஒரு சிற்றூரின் ஜெராக்ஸ் கடையை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர் ஒருவர் தேர்வு நுழைவுச்சீட்டை அச்செடுக்க வந்திருக்கிறார். கோப்பு அவருடைய ஆண்ட்ராய்டு போனில் இருக்கிறது. கடைக்காரர் போனை வாங்கித் தன் விண்டோஸ் கணினியில் தொங்கும் கேபிளில் செருகுகிறார்.

“தம்பி, போன் பேரு வருது, உள்ள ஒண்ணுமே இல்லையே?”

“சார்ஜ் ஏறுதேண்ணா.”

“சார்ஜ் ஏறும். லாக்கை எடுத்துட்டு மேல இருந்து இழுத்துப் பாருங்க.”

கடைக்காரருக்கு இது தினப்படி அனுபவம். அவர் சொன்னதன் காரணம் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் இருக்கிறது. அதுவரை செருகியதும் தானாகவே கோப்புகளைக் காட்டிக்கொண்டிருந்த போன், அந்தப் பதிப்பிலிருந்து சார்ஜ் மட்டும் என்பதையே இயல்பு நிலையாக எடுத்துக்கொண்டது. ஆனால் பல போன்களில் சார்ஜ் நிலையிலும் போன் தன்னை எம்டிபி கருவி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. சேமிப்பகம் ஏதாவது உண்டா என்று கணினி கேட்டால் மட்டும், ஒன்றும் இல்லை என்று பதில் சொல்கிறது. பெயர் தெரிந்து உள்ளே வெறுமையாக இருப்பது அதனால்தான். கோப்புகள் அழிந்துவிட்டன என்று பதறுபவர்கள் உண்டு. எதுவும் அழியவில்லை, கதவு திறக்கவில்லை.

மாணவர் போனின் பூட்டைத் திறந்து, அறிவிப்புப் பட்டியில் உள்ள யூஎஸ்பி வரியைத் தொடுகிறார். சில போன்களில் இரண்டாம் முறை தொட்டால்தான் பட்டியல் விரியும். கலப்படமில்லாத ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டியலில் ‘File Transfer’, ‘USB tethering’, ‘MIDI’, ‘PTP’, ‘No data transfer’ என்று இருக்கும். சொற்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்றே மாறும். முதல் வரியைத் தேர்ந்ததும் கணினியில் இறங்கும் ஒலியும் ஏறும் ஒலியும் கேட்கின்றன. வெறுமையாக இருந்த சாளரத்தில் ‘Internal storage’ என்ற ஒற்றைச் சின்னம் வருகிறது. அதற்குள் ‘Download’ கோப்புறையில் நுழைவுச்சீட்டு இருக்கிறது. அதுவே வாட்ஸ்அப்பில் வந்த கோப்பாக இருந்தால் அங்கே தேடிப் பயனில்லை. ஆண்ட்ராய்டு 11 முதல் வாட்ஸ்அப் தன் கோப்புகளை ஆழமான ஓரிடத்துக்குக் கொண்டுபோய்விட்டது:

```
Android\media\com.whatsapp\WhatsApp\Media
```

ஆவணங்கள், படங்கள், குரல் பதிவுகள் எல்லாம் அதற்குள் தனித்தனிக் கோப்புறைகளாக இருக்கும்.

ஒலிகள் கேட்டும் போன் தெரியவில்லை என்றால் பழி இப்போது கணினியின் பக்கம் திரும்புகிறது. விண்டோஸின் ‘Device Manager’ஐத் திறந்து பார்த்தால், ‘Portable Devices’ என்பதன் கீழ் போனின் பெயர் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ‘MTP’ என்ற பெயரின்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் உட்காரவில்லை என்று பொருள். அந்த வரியின்மேல் வலது சொடுக்குச் செய்து நீக்கிவிட்டு, கேபிளைக் கழற்றிச் செருகினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒருவேளை அது விண்டோஸின் ‘N’ பதிப்பாக இருந்தால் இந்த மருந்து வேலை செய்யாது. ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட முடிவுக்குப் பிறகு ஊடக மென்பொருள்களை நீக்கி விற்கப்பட்ட பதிப்பு அது. எம்டிபி பிறந்தது மைக்ரோசாஃப்டின் ஊடகப் பிரிவில் என்பதால், மீடியா பிளேயரோடு சேர்ந்து போனைப் பார்க்கும் கண்ணும் போய்விட்டது. ‘Media Feature Pack’ஐ நிறுவிய பிறகே பார்வை திரும்பும். அந்த முடிவு யாரோ ஒருவருடைய போன் கேபிளில் வந்து முட்டும் என்று அதை எடுத்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் போன் என்ன பதில் சொல்கிறது என்பதை நேரே பார்க்கும் வசதி உண்டு. முனையத்தில் `lsusb` என்று கொடுத்தால் கூகுள் பிக்ஸல் போன் ஒன்றுக்கு இப்படி வரும்:

```
Bus 001 Device 012: ID 18d1:4ee1 Google Inc. Nexus/Pixel Device (MTP)
```

18d1 என்பது கூகுள் நிறுவனத்தின் எண். 4ee1 என்பது எம்டிபி கருவியாகப் பேசும்போது சொல்லும் எண். பட்டியலில் பிடிபியைத் தேர்ந்து மறுபடி பார்த்தால் அது 4ee5 ஆகியிருக்கும், முகவரி எண்ணும் கூடியிருக்கும். கேபிளைத் தொடவே இல்லை. கணினியைப் பொறுத்தவரை ஒரு கருவி போய் வேறொரு கருவி வந்திருக்கிறது. அந்த வரியே வரவில்லையென்றால் மீண்டும் கம்பிக்குத்தான் போக வேண்டும்.

மேக் கணினி இதில் தனி ரகம். எம்டிபி அதற்குத் தெரியவே தெரியாது. கூகுள் கொடுத்துவந்த ‘Android File Transfer’ என்ற சிறு மென்பொருளும் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ‘OpenMTP’ போன்ற திறமூல மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். படங்கள் மட்டும் போதுமென்றால் போனில் பிடிபியைத் தேர்ந்துவிட்டு மேக்கின் ‘Image Capture’ஐத் திறந்தால் போதும். போன் அப்போது வெறும் கேமராவாகிவிடும், மற்ற கோப்புறைகள் தெரியாது.

ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறந்து பட்டியலைத் தொடுவது தொந்தரவு என்று நினைப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டு ஒரு வழி வைத்திருக்கிறது. அமைப்புகளில் ‘Build number’ என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அங்கே ‘Default USB configuration’ என்பதில் கோப்புப் பரிமாற்றத்தை நிரந்தரமாக்கலாம். அப்போதும் பூட்டைத் திறந்த பிறகே கோப்புகள் தெரியும். எனக்கு இது பிடிக்காத குறுக்குவழி. காரணம் 2011இல் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் இருக்கிறது. அங்கே இலவசச் சார்ஜ் நிலையம் ஒன்றை வைத்தார்கள். போனைச் செருகினால், இப்படித் தெரியாத இடத்தில் செருகாதீர்கள் என்று அந்த நிலையத்தின் திரையில் எச்சரிக்கை தோன்றும். பாதுகாப்பைப் பற்றிப் பேசவே கூடிய மாநாட்டிலும் பலர் செருகினார்கள். சார்ஜ் மட்டும் என்று தோற்றமளிக்கும் துளைக்குப் பின்னால் ஒரு கணினி இருக்கலாம், அன்றைய போன்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிடும் என்பதுதான் நிலையத்தை வைத்தவர்கள் காட்ட நினைத்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து ஆண்ட்ராய்டு அந்தக் கதவை அடைத்தது. அதுவும் முழுக்காப்பு அல்ல. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், கெடுநோக்கோடு செய்யப்பட்ட சார்ஜர் ஒன்று தன்னை விசைப்பலகை என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, கோப்பைக் காட்டலாமா என்று போன் கேட்கும் கேள்விக்குத் தானே ஆம் என்று அழுத்திவிட முடியும் என்று காட்டினார்கள். கணினி கேட்கும், கருவி பதில் சொல்லும் என்ற உரையாடலில், கருவி சொல்லும் பதிலைச் சரிபார்க்க வழியில்லை என்ற பழைய பலவீனம்தான் இது. இம்முறை ஏமாந்தது போன். பல நிறுவனங்கள் இதற்குத் திருத்தம் வெளியிட்டன. பட்டியலைத் தொட்டால் சில புதிய போன்களில் கைரேகையோ கடவுச்சொல்லோ மறுபடி கேட்பதற்கு இதுதான் காரணம்.

ஜெராக்ஸ் கடைக்காரர் அச்செடுத்து முடித்ததும் அந்த மாணவர் கேபிளைக் கழற்றினாலே போதும். அடுத்த முறை செருகும்போது போன் மறுபடி சார்ஜ் நிலைக்குப் போய்விடும். நிரந்தரமாக்கியிருந்தால் போகாது. கோப்பை எடுக்கும்போது ‘Cut’ கொடுக்காமல் ‘Copy’ கொடுத்து, அது கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பிறகு போனில் அழிப்பது நல்லது. பெரிய வீடியோ ஒன்று பாதி வழியில் இருக்கும்போது கேபிள் அசைந்தால், நகலாக இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.